அந்த ஒரு செவ்வாயை மட்டும் மாற்றுவது எப்படி?

கேள்வி

"எங்கள் குழுவில் பதினொரு பேர். செவ்வாய்தோறும் மாலை 4 மணிக்குக் கூட்டம். காலண்டரில் அதைப் போட்டு எல்லோருக்கும் அழைப்பு அனுப்பியது நான்தான். மார்ச் 10 அன்று மேலாளருக்கு வேறு வேலை வந்ததால், அந்த ஒரு கூட்டத்தை மட்டும் 11 புதன் 5 மணிக்கு மாற்றச் சொன்னார். 10-ம் தேதிக் கட்டத்தைத் திறந்துதான் மாற்றினேன். ஆனாலும் எல்லா வாரமும் புதனுக்குப் போய்விட்டது. பதறிப்போய் மறுபடி செவ்வாய்க்கே கொண்டுவந்து, பிறகு 10-ஐ மட்டும் மாற்றினேன். 'செவ்வாய்க் கூட்டம் புதன் 5 மணிக்கு மாற்றப்பட்டுள்ளது' என்று குழுவுக்குச் செய்தியும் போட்டேன். இரண்டு பேர் 10-ம் தேதியே வந்து காத்திருந்தார்கள். அவர்கள் காலண்டரில் இரண்டு நாளிலும் கூட்டம் இருந்ததாம். அடுத்த வாரம் மூன்று பேர் செவ்வாய் வரவில்லை, புதன்தான் என்று நினைத்துவிட்டார்கள். இதற்கு நடுவில், முன்பே ரத்து செய்திருந்த 24-ம் தேதிக் கூட்டம் மறுபடி முளைத்திருக்கிறது. 31-ம் தேதியை 3 மணிக்கு மாற்றி வைத்திருந்தேன், அதுவும் பழையபடி 4 மணி ஆகிவிட்டது. 'எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடுங்க' என்கிறார் மேலாளர். இனிமேல் ஒரு நாள் மாற்றம் வந்தால், அந்த நாளை ரத்து செய்துவிட்டுத் தனியாக ஒரு கூட்டம் போடுவதே பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. சரிதானா? செய்தியை எப்படி எழுத வேண்டும்?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

எதையும் அழிக்காதீர்கள். மேலாளர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். 24-ம் தேதி நெருங்கிக்கொண்டிருப்பதால், அதற்கு உடனே செய்ய வேண்டியதை மட்டும் உங்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். மற்றதை இங்கே நிதானமாகப் பார்ப்போம். உங்களைப் போல அலுவலகக் காலண்டரைச் சுமக்கிறவர்கள் பலர் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். நானும் விழுந்தவள்தான்.

"10-ம் தேதிக் கட்டத்தைத் திறந்துதான் மாற்றினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கலின் வேர் அந்த வரியில் இருக்கிறது. காலண்டரைப் பார்க்கும்போது வாரத்துக்கு ஒரு கட்டமாக, வருடத்துக்கு ஐம்பத்திரண்டு கூட்டங்கள் இருப்பதுபோலத் தெரியும். உள்ளே அப்படி ஐம்பத்திரண்டு இல்லை. ஒரே ஒரு பதிவும், "செவ்வாய்தோறும்" என்ற ஒரு விதியும்தான் இருக்கின்றன. நீங்கள் எந்த வாரத்தைத் திறந்தாலும் அந்த விதியைக் கொண்டு அந்த நேரத்தில் கட்டத்தை வரைந்து காட்டுகிறது காலண்டர். நீங்கள் திறந்தது 10-ம் தேதியின் நிழல். சேமிக்கும்போது காலண்டர் ஒரு கேள்வி கேட்டிருக்கும்: இந்த ஒரு நாள் மட்டுமா, இதுவும் இதற்குப் பின் வருபவையுமா, எல்லாமா? கூகுள் காலண்டரில் அது `This event`, `This and following events`, `All events` என்று வரும். எந்தக் கட்டத்தைத் திறந்தீர்கள் என்பது பெரிய விஷயமில்லை. இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. கைப்பேசியில் அவசரமாகச் செய்யும்போது விரல் தவறான வரியில் பட்டுவிடுவது சகஜம். உங்கள் விஷயத்தில் மூன்றாவது வரியில் பட்டிருக்கிறது.

விதியும் விதிவிலக்கும்

உங்கள் கூட்டத்தைக் காலண்டர்கள் தங்களுக்குள் எப்படி எழுதிப் பரிமாறிக்கொள்கின்றன என்று ஒரு முறை பார்த்துவிட்டால், கடிதத்தில் உள்ள எல்லாச் சிக்கலும் ஒரே சிக்கல் என்று தெரிந்துவிடும். இதற்கென்று பெரும்பாலான காலண்டர் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட ஒரு பொது வடிவம் இருக்கிறது, பெயர் ஐகாலண்டர். இப்போதைய அடிப்படை விதிமுறை 2009-ல் வந்தது. அதில் உங்கள் தொடர் ஏறக்குறைய இப்படி இருக்கும். நேர மண்டலம் போன்ற மற்ற வரிகளை விட்டுவிட்டேன். தொடக்கத் தேதி நானே வைத்துக்கொண்டது.

```
UID:vaara-koottam-1
DTSTART:20260106T160000
RRULE:FREQ=WEEKLY;BYDAY=TU
EXDATE:20260324T160000
```

முதல் வரி கூட்டத்தின் அடையாள எண். இரண்டாவது, முதல் கூட்டம் எப்போது என்பது. மூன்றாவதுதான் விதி: வாரம் ஒரு முறை, செவ்வாய். நான்காவது நீங்கள் ரத்து செய்த 24-ம் தேதி. கூட்டத்தை "அழித்ததாக" நீங்கள் நினைத்தீர்கள். காலண்டர் எதையும் அழிக்கவில்லை. "விதியின்படி 24-ம் தேதி 4 மணிக்கு ஒன்று வரும், அதை மட்டும் வரையாதே" என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டது.

10-ம் தேதியை 11-க்கு நகர்த்தும்போது இன்னொரு சின்னப் பதிவு சேர்கிறது:

```
UID:vaara-koottam-1
RECURRENCE-ID:20260310T160000
DTSTART:20260311T170000
```

நடுவில் உள்ள வரியைக் கவனியுங்கள். கூட்டம் 11-ம் தேதிக்குப் போய்விட்டது, ஆனாலும் அதன் அடையாளம் 10-ம் தேதி 4 மணிதான். அதை மறுபடி 12-க்கோ 13-க்கோ மாற்றினாலும் இந்த வரி மாறாது. விதியின்படி எந்த இடத்தில் வந்திருக்க வேண்டுமோ, அந்தப் பழைய இடமே கடைசிவரை அதன் பெயர். ஊர் மாறிப் போனவரை இன்னும் பழைய ஊர் பெயராலேயே கூப்பிடுவதுபோல.

இப்போது உங்கள் 24-ம் தேதி ஏன் முளைத்தது என்று பாருங்கள். நீங்கள் தவறுதலாக "எல்லாம்" என்று சொன்ன அந்த நொடியில் விதியே "புதன்தோறும் 5 மணி" ஆகிவிட்டது. "24-ம் தேதி 4 மணிக்கு வருவதை வரையாதே" என்ற குறிப்புக்கு இனி அர்த்தமில்லை. அப்படி ஒரு கூட்டம் விதியில் இல்லையே. 31-ம் தேதிக்கு எழுதி வைத்த குறிப்புக்கும் இதே கதி. விதி மாறினால் விதிவிலக்குகள் ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் உதிர்ந்துவிடுகின்றன. பிறகு விதியைச் செவ்வாய்க்கே திருப்பினாலும், உதிர்ந்தவை தாமாக வந்து ஒட்டாது. அவுட்லுக் போன்ற சில நிரல்கள் தொடரின் விதியை மாற்றும்போது விதிவிலக்குகள் போய்விடும் என்று ஒரு எச்சரிக்கை காட்டும். அதைப் படித்து நிதானிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதில் உங்களுக்கு ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. கை தவறி "எல்லாம்" என்று மாற்றிவிட்டால், மறுபடி கையால் பழைய நேரத்தைப் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சேமித்த உடனே திரையின் ஓரத்தில் சில நொடிகள் `Undo` என்று வந்தால் அதைத்தான் அழுத்த வேண்டும். அது தவறிப்போனால், விதியைத் திருப்பிவிட்டு, வரப்போகும் ஒவ்வொரு விதிவிலக்கையும் கையால் மறுபடி போடுவதைத் தவிர வழியில்லை. அதனால்தான் ஒரு தொடரில் இரண்டு மூன்று விதிவிலக்குகள் சேர்ந்ததும் அவற்றைக் கூட்டத்தின் விவரப் பகுதியில் ஒரு வரியாக எழுதி வைக்கச் சொல்வேன்: "24 மார்ச் இல்லை, 31 மார்ச் 3 மணி." காலண்டர் மறந்தாலும் அந்த வரி ஞாபகம் வைத்திருக்கும்.

இரண்டு நாளிலும் கூட்டம் தெரிந்தது ஏன்?

அந்த இரண்டு சகாக்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் திரையில் 10-ம் தேதி கூட்டம் உண்மையிலேயே இருந்தது.

மாற்றம் அவர்களுடைய காலண்டருக்குப் போய்ச் சேரும்போது, அது தன்னிடம் உள்ள தொடரில் "அதே அடையாள எண், 10-ம் தேதி 4 மணி" என்ற இடத்தைத் தேடும். கிடைத்தால் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு 11-ல் வைக்கும். கிடைக்காவிட்டால் எதை எடுப்பது என்று தெரியாமல், பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதியதை மட்டும் சேர்த்துவிடும். வேறு நிறுவனத்தின் காலண்டரைப் பயன்படுத்துகிறவர்களிடம் இது நடக்கும். ஒரு பக்கம் நேர மண்டலத்தோடு எழுதியதை மறு பக்கம் வேறு விதமாகப் புரிந்துகொண்டாலே போதும், இரண்டு நேரமும் பொருந்தாது. உங்கள் விஷயத்தில் குறுகிய இடைவெளியில் மூன்று மாற்றங்கள் போயிருக்கின்றன: எல்லாம் புதன், எல்லாம் செவ்வாய், 10 மட்டும் 11. இவற்றில் ஒன்று ஏறாமல் நின்றுபோயிருந்தாலும் இதே விளைவுதான்.

இதைவிடச் சாதாரணமான காரணமும் உண்டு. உங்கள் செய்தியைப் படித்தவர் "சரி, புதன் 5 மணி" என்று தானே கையால் ஒரு பதிவு போட்டுக்கொண்டிருப்பார். அழைப்பின் மாற்றம் அவருக்கு வந்தே இருக்காது.

எது என்று கண்டுபிடிப்பது எளிது. 11-ம் தேதிக் கட்டத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அழைப்பாளர் பெயரும் பதினொரு பேரின் பட்டியலும் இல்லையென்றால் அது அவர் கையால் போட்டது. பட்டியல் இருந்தும் 10-ம் தேதிக் கட்டமும் அப்படியே இருந்தால் பொருத்தம் தவறியிருக்கிறது. இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: பழைய கட்டத்தை அவர் தன் காலண்டரில் "இந்த ஒன்று மட்டும்" என்று சொல்லி நீக்கலாம். ஆனால் நீக்கும்போது "வரவில்லை" என்ற பதில் உங்களுக்கு வந்தாலும் வரும். அதைப் பார்த்து அவர் கூட்டத்துக்கே வரமாட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நான்கு வழிகளும் அவற்றின் விலையும்

ரத்து செய்துவிட்டுத் தனியாக ஒன்று போடுவதே பாதுகாப்பு என்று கேட்டிருந்தீர்கள். சில நேரம் ஆம். எப்போதும் அல்ல.

வழக்கமான வழி, அந்த ஒரு நாளை மட்டும் நகர்த்துவது. ஒரு வாரத்துக்குள் நேரமோ நாளோ இடமோ மாறுகிறது என்றால் இதுவே சரி. நகர்ந்த பிறகும் அது தொடரின் பகுதியாகவே இருக்கும். குறிப்புகள், இணைப்புகள், காணொலிச் சுட்டி எல்லாம் கூடவே வரும். கவனிக்க வேண்டியவை இரண்டு. தொடருக்கு ஏற்கெனவே "வருகிறேன்" என்று சொன்னவர்களின் பதில், நேரம் மாறிய அந்த நாளுக்குப் பெரும்பாலும் செல்லாது, மறுபடி கேட்கப்படும். ஆகவே புதனுக்குப் பதினொரு பேரும் சம்மதித்துவிட்டார்கள் என்று பழைய பச்சை அடையாளங்களை வைத்து நினைக்கக் கூடாது. அடுத்தது அறை. செவ்வாய் 4 மணிக்கு வருடம் முழுவதும் உங்களுடையதாக இருக்கும் அறை, புதன் 5 மணிக்கு வேறு குழுவினுடையதாக இருக்கலாம். அறையையும் ஒரு விருந்தினரைப் போலக் காலண்டரில் சேர்க்கும் அலுவலகங்களில், அந்த அறை அந்த ஒரு நாளுக்கு மட்டும் "முடியாது" என்று ஒரு தானியங்கி மின்னஞ்சல் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும். அதைப் படிக்காமல் விட்டால், பதினொரு பேரும் வராந்தாவில் நிற்பீர்கள்.

நீங்கள் சொன்ன வழி, ரத்து செய்து தனியாகப் போடுவது, கூட்டம் அடுத்த கூட்டத்தைத் தாண்டிப் போகும்போது தேவைப்படும். 10-ம் தேதிக் கூட்டத்தை 18-க்கு நகர்த்த வேண்டும் என்று வையுங்கள். நடுவில் 17 இருக்கிறது. அவுட்லுக் இதை அனுமதிக்காது: ஒரு தொடரில் ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தைத் தாண்டக் கூடாது, ஒரே நாளில் இரண்டு வரவும் கூடாது. அனுமதிக்கும் காலண்டரிலும் பார்ப்பவருக்குக் குழப்பம்தான். அன்று வருகிறவர்களோ பேசும் விஷயமோ வேறு என்றாலும் தனிக் கூட்டமே நல்லது. இதன் விலை: எல்லோருக்கும் முதலில் "ரத்து" என்று ஒரு அறிவிப்பு போகும். சிலர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனவே தனிக் கூட்டத்தின் அழைப்பை முதலில் அனுப்பிவிட்டு, பிறகு பழைய நாளை ரத்து செய்யுங்கள். வரிசை மாறினால் நடுவில் உள்ள நேரத்தில் "கூட்டமே இல்லை போல" என்று பேச்சு கிளம்பிவிடும்.

"இதுவும் இதற்குப் பின் வருபவையும்" என்ற நடு வழி, நிரந்தரமாக நேரம் மாறும்போது மட்டும். இதை அழுத்தினால் பொதுவாகத் தொடர் இரண்டாக வெட்டப்படுகிறது: பழைய தொடர் அந்தத் தேதிக்கு முன் முடிகிறது, வேறு அடையாள எண்ணோடு புதிய தொடர் தொடங்குகிறது. ஒரு நாள் மாற்றத்துக்கு இதைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக, உங்கள் மேலாளரின் வழி. தொடரை முழுதாக அழித்தால் வரப்போகும் கூட்டங்கள் மட்டும் போகாது, நடந்து முடிந்தவையும் போகும். பிப்ரவரியில் யார் வந்தார்கள், என்ன இணைத்தோம் என்று பின்னால் தேடினால் கட்டமே இருக்காது. அறையின் பதிவும் விடுபடும். நீங்கள் மறுபடி போடுவதற்குள் வேறொருவர் அதை எடுத்துவிடலாம். இதை நான் அனுபவித்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வாரம் கூட்டம் இல்லை என்பதற்காக அந்த நாளைத் திறந்து நீக்கினேன். கேள்வியைப் படிக்காமல் "எல்லாம்" என்று அழுத்தினேன். அரை மணி நேரத்துக்குள் ஆறு மாதத்துக்கான அறை இன்னொரு குழுவுக்குப் போய்விட்டது. அடுத்த ஆறு மாதமும் அவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மேலாளரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அழிச்சா பழைய பதிவும் அறையும் போயிடும் சார். தொடர் இப்ப சரியாத்தான் இருக்கு. 24-ஐயும் 31-ஐயும் மட்டும் மறுபடி சரி பண்ணிடறேன், பத்து நிமிஷ வேலை." பத்து நிமிடம் என்றதும் பெரும்பாலான மேலாளர்கள் இறங்கி வந்துவிடுவார்கள். அவர் அப்படியும் புதிதாகத்தான் வேண்டும் என்றால், அழிப்பதற்குப் பதிலாகப் பழைய தொடருக்கு ஒரு முடிவுத் தேதி வைத்துவிட்டு அதன் பிறகு புதியதைத் தொடங்குங்கள். கடந்த காலம் பிழைக்கும்.

உங்கள் செய்தியில் என்ன தவறு?

காலண்டர் கதை இவ்வளவு நீண்டதற்குக் காரணம் இதுதான். 10-ம் தேதிக் கூட்டத்தைக் காலண்டர் "10-ம் தேதி 4 மணி" என்ற பழைய பெயரால் அடையாளம் காண்கிறது என்று பார்த்தோம். மனிதர்களும் அப்படியே. அவர்கள் மனதில் இருப்பது ஒரு விதி: செவ்வாய் 4 மணி. அந்த விதியில் எந்த நாள் நகர்கிறது என்று சொல்லாமல் புதிய நேரத்தை மட்டும் சொன்னால், அவர்கள் விதியையே மாற்றிக்கொள்வார்கள்.

உங்கள் வரியை மறுபடி படியுங்கள்: "செவ்வாய்க் கூட்டம் புதன் 5 மணிக்கு மாற்றப்பட்டுள்ளது." தமிழில் "செவ்வாய்க் கூட்டம்" என்றால் இந்தச் செவ்வாய் நடக்கும் கூட்டமும்தான், செவ்வாய்தோறும் நடக்கும் கூட்டமும்தான். "மாற்றப்பட்டுள்ளது" என்பது முடிந்துபோன நிலையைச் சொல்கிறது. அரசாணை போல ஒலிக்கிறது. போதாததற்கு, "எல்லாம் புதன்" என்று தவறாகப் போன முதல் அறிவிப்பையும் அந்த மூன்று பேர் பார்த்திருப்பார்கள். உங்கள் செய்தி அதை உறுதிப்படுத்தியது. அவர்கள் 17-ம் தேதி வராததற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் இப்படி எழுதியிருப்பேன்:

> மார்ச் 10 செவ்வாய் மாலை 4 மணிக் கூட்டம் அன்று இல்லை. அதற்குப் பதில் மார்ச் 11 புதன் மாலை 5 மணிக்கு, அதே அறையில் நடக்கும். இந்த ஒரு வாரம் மட்டுமே இந்த மாற்றம். மார்ச் 17 முதல் வழக்கம்போல் செவ்வாய் 4 மணி. 11-ம் தேதி வர இயலாதவர்கள் திங்கள் மதியத்துக்குள் சொல்லவும்.

முதலில் பழைய இடம், அது காலி என்ற செய்தியோடு. அரைகுறையாகப் படிப்பவர் முதல் வரியோடு நிறுத்தினாலும் 10-ம் தேதி வந்து காத்திருக்க மாட்டார். பிறகு புதிய இடம். பிறகு, பலர் விட்டுவிடும் வரி: அடுத்த கூட்டம் எப்போது என்று தேதியோடு. "மற்றவை வழக்கம்போல்" என்று மட்டும் எழுதுவதைவிட "மார்ச் 17 செவ்வாய் 4 மணி" என்று ஒரு தேதியைக் காட்டுவது வலுவானது. விதி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்தத் தேதியே சாட்சி. காரணத்தை நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? மேலாளரின் வேலை எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை. காரணத்தோடு தொடங்கும் செய்தியில் தேதி மூன்றாவது வரிக்குப் போய்விடும்.

"மட்டும்" என்ற சொல்லை எங்கே வைக்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. அது தனக்கு முன் உள்ள சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும். "செவ்வாய் மட்டும் கூட்டம் 5 மணிக்கு" என்றால் செவ்வாய்க் கிழமைகளில் எல்லாம் 5 மணி, மற்ற நாட்களில் வேறு நேரம் என்று படிக்க இடமுண்டு. "கூட்டம் 5 மணிக்கு மட்டும்" என்றால் 4 மணிக்கு இன்னொன்று இருந்ததோ என்று தோன்றும். தேதிக்குப் பின்னால் வையுங்கள்: "மார்ச் 10 கூட்டம் மட்டும்". கிழமைப் பெயர் திரும்பத் திரும்ப வரும். தேதி ஒரு முறைதான் வரும். அந்தத் தேதியில்தான் "மட்டும்" உறுதியாக நிற்கும்.

"அடுத்த செவ்வாய்" என்று எழுதவே எழுதாதீர்கள். ஞாயிறு இரவு அதைப் படிப்பவருக்கு அது நாளை மறுநாளா, அதற்கடுத்த வாரமா? என் அனுபவத்தில் ஒரே அறையில் பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் மற்றொன்றையும் சொல்வார்கள். "இந்த வாரம்" என்பதும் வாரம் ஞாயிறில் தொடங்குகிறதா திங்களில் தொடங்குகிறதா என்று நம்பி நிற்கிறது. மேலே என் மாதிரியில் "இந்த ஒரு வாரம்" என்று எழுதினேனே என்று கேட்பீர்கள். அங்கே இரண்டு தேதிகள் பக்கத்திலேயே இருப்பதால் தப்பித்தது. தனியாக நின்றால் நானும் அடித்துவிடுவேன்.

"ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி" என்பதும் அப்படித்தான். "முன்" என்றால் 3 மணி, "தள்ளி" என்றால் 5 மணி. இரண்டையும் சேர்த்தால் படிப்பவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். நகர்ந்த அளவைச் சொல்லாதீர்கள், போய்ச் சேர்ந்த நேரத்தைச் சொல்லுங்கள். அதேபோல "இரவு 12 மணி" வேண்டாம். வெள்ளி இரவு 12 என்றால் காலண்டரில் அது சனிக்கிழமை. 11.59 என்று எழுதிவிட்டுப் போங்கள்.

ரத்தா, ஒத்திவைப்பா?

உங்கள் 24-ம் தேதிக்கு இது உதவும். "ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதினால், எப்போது என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும். புதிய தேதி கையில் இருந்தால் மட்டுமே அந்தச் சொல். இல்லையென்றால் "இல்லை" என்று சொல்லிவிடுங்கள். "கூட்டம் ரத்து" என்று இரண்டு சொல்லில் முடித்தாலோ, தொடரே நின்றுவிட்டதாக ஒருவராவது புரிந்துகொள்வார். உங்களுக்கான வரி:

> மார்ச் 24 செவ்வாய் கூட்டம் இல்லை; அதற்குப் பதில் வேறு நாளும் இல்லை. காலண்டரில் அது மறுபடி தெரிந்தது என் தவறு, நீக்கிவிட்டேன். அடுத்த கூட்டம் மார்ச் 31 செவ்வாய், அன்று மட்டும் மாலை 3 மணிக்கு (வழக்கமான 4 மணிக்கு அல்ல). ஏப்ரல் 7 முதல் மறுபடி 4 மணி.

இங்கே இரண்டு விதிவிலக்குகள் அடுத்தடுத்து வருவதால் இரண்டையும் ஒரே செய்தியில் போட்டேன். இரண்டு செய்தியாக அனுப்பினால் இரண்டாவது முதலாவதைத் திருத்துகிறது என்று நினைப்பார்கள். "முந்தைய செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம்" என்றும் அனுப்பாதீர்கள். எந்த முந்தைய செய்தி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைப்பார்கள். திருத்தம் என்றால் முழு விவரத்தையும் மறுபடி எழுதி, முதல் சொல்லாகத் "திருத்தம்" என்று போடுங்கள்.

காலண்டரே மின்னஞ்சல் அனுப்புகிறதே, தனிச் செய்தி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அந்த மின்னஞ்சலில் புதிய நேரம்தான் பெரிதாகத் தெரியும். அடுத்த வாரம் என்ன என்று அது சொல்லாது. இரண்டும் வேண்டும். ஆனால் முதலில் காலண்டரை மாற்றிவிட்டு, இன்னொருவர் திரையில் அது சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு செய்தி போடுங்கள். வேறு காலண்டர் வைத்திருக்கும் அந்த இரண்டு சகாக்களில் ஒருவரிடம் கேட்பதே சிறந்த சோதனை. மொத்தக் காலண்டரையும் ஒரு சுட்டி வழியாகச் சந்தா எடுத்துப் பார்ப்பவர்கள் இருந்தால், அவர்கள் திரையில் மாற்றம் ஏற பல மணி நேரம் ஆகலாம். அவர்களுக்குச் செய்திதான் துணை.

இன்னொரு சின்ன வழக்கம், எனக்குப் பலமுறை கைகொடுத்தது. நகர்த்திய அந்த ஒரு நாளின் தலைப்பிலேயே பழைய இடத்தை எழுதிவிடுவேன்: "வாராந்திரக் கூட்டம் – 10-ம் தேதிக்குப் பதில்". கைப்பேசியில் நினைவூட்டல் வரும்போது அதுவே கண்ணில் படும். தலைப்பை மாற்றிச் சேமிக்கும்போதும் அதே கேள்வி வரும், `This event` என்று சொல்ல மறக்காதீர்கள். இல்லையென்றால் வருடம் முழுவதும் எல்லாக் கூட்டமும் 10-ம் தேதிக்குப் பதிலாக நடந்துகொண்டிருக்கும்.

பழைய நாளின் காலையில் ஒரு வரி போட்டுவிடுங்கள்: "இன்று 4 மணிக்குக் கூட்டம் இல்லை, நாளை 5 மணிக்கு." விடுப்பில் இருந்து அன்றுதான் திரும்பி வந்தவருக்கு அது போதும்.